நின்று நனைபவர்களுக்கு ஏற்ற மழைக்கோட்டு: சென்னைக் குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களிலும் அடுக்ககத்தின் கேட்டில் வாட்ச்மேன் நின்றாக வேண்டும். சிக்னலில் போக்குவரத்துப் பணியாளர் கை காட்டியாக வேண்டும். இவர்களுக்காக அவசரத்தில் வாங்கப்படுவது பெரும்பாலும் பைக் ஓட்டுபவர்களுக்காகத் தைத்த மழைக்கோட்டுதான்.

அந்தக் கோட்டு அரைமணி நேரப் பயணத்துக்கு உரியது. வண்டி ஓடும்போது காற்று கோட்டுக்குள் புகுந்து வெளியேறும். ஒரே இடத்தில் நிற்பவருக்கு அந்தக் காற்று இல்லை. பிளாஸ்டிக் பூச்சு வெளித் தண்ணீரை உள்ளே விடாததைப் போலவே உள்ளே ஊறும் வியர்வையையும் வெளியே விடாது. இரண்டு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். உடனே கோட்டு ஒழுகுகிறது என்று பழி விழும். எது காரணம் என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லலாம். தோள், கழுத்து, தையல் கோடு ஆகிய இடங்களில் மட்டும் ஈரம் இருந்தால் அது ஒழுக்கு. முதுகும் மார்பும் ஒரே சீராக நசநசத்திருந்தால் அது வியர்வை. அதற்கு இன்னும் தடிமனான கோட்டு வாங்கினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

வியர்வை ஆவியை வெளியேற்றும் விலை உயர்ந்த துணிகள் உண்டு. வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் சென்னை மழைநாளில் அவற்றாலும் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. இங்கு பலன் தருவது தையல் முறை: முதுகில் மேல்மடிப்புக்கு அடியில் வலைத்துணி, அக்குளில் காற்றுத் துளைகள், உடம்போடு ஒட்டாத தளர்ந்த அளவு. முழங்காலுக்குக் கீழ் வரை இறங்கும் கோட்டும், அதனோடு தனிப் பேன்ட்டும் தேவை. தலைவழியாக மாட்டும் போர்வை வகைக் கோட்டு காற்றோட்டமானது. ஆனால் கேட்டைத் தள்ளக் கையை நீட்டினாலோ பலத்த காற்று அடித்தாலோ மேலே தூக்கிக்கொள்ளும்.

ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. தரமான கோட்டில் தையலின் உள்பக்கம் நாடா ஒட்டி அடைத்திருப்பார்கள். வாங்கும் முன் கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தோள் தையலைப் பள்ளமாகப் பிடித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்திருப்பது இன்னும் உறுதியான சோதனை. கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

சாலையில் நிற்பவருக்கு நனைவதைவிடப் பெரிய ஆபத்து கண்ணில் படாமல் போவது. பகலில் அணியும் ஒளிர்பட்டைச் சட்டையின் மேல் கறுப்பு அல்லது கருநீல மழைக்கோட்டை மாட்டியதும் அந்தப் பட்டை மறைந்துவிடுகிறது. மழை இரவில், வைப்பர் ஓடும் கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஓட்டுநருக்கு அங்கே ஆள் நிற்பதே தெரியாது. கோட்டு பளிச்சென்ற மஞ்சளாக இருப்பது பகலுக்கு உதவும். இரவில் உதவுவது விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பட்டை மட்டுமே. அது மார்பிலும் முதுகிலும் இருந்தால் போதாது, இரண்டு கைகளைச் சுற்றியும் இருக்க வேண்டும். வாகனங்களை நிறுத்துவது கைதானே. தலைமூடி பக்கப் பார்வையை மறைப்பதால், தலையோடு சேர்ந்து திரும்பும்படி அதை இழுத்துக் கட்டும் நாடா வேண்டும்.

கால்களைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பேன்ட்டின் கால்பகுதி கம்பூட்டுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழியும் நீர் எல்லாம் பூட்டுக்குள் சேரும். ஊறிய காலுறையோடு 12 மணி நேரம் நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி காலுறையும், கால் துடைக்க ஒரு துண்டும் இருந்தால் அது பெருமளவு தவிர்க்கப்படும்.

நாற்பது வீடுகள், இரண்டு கேட், இரண்டு ஷிப்ட் உள்ள ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்ளலாம். வாட்ச்மேன்கள் நால்வர். வழக்கமாகக் கேட்டுக்கு ஒன்றாக இரண்டு கோட்டுகள் வாங்கப்படும். இரவு ஷிப்ட்காரர் பகல்காரரின் ஈரக் கோட்டை மாட்டிக்கொள்வார். ஆளுக்கு ஒன்றாக நான்கு வாங்கினால் ஒவ்வொன்றும் உலர 12 மணி நேரம் கிடைக்கும். கோட்டு, பேன்ட், பூட்டு சேர்ந்து 2000 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 8000. வீட்டுக்கு 200 ரூபாய். ஈரத்தோடு மடித்துக் காவலறை மூலையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சு பிசுபிசுத்து உரியும். உரிந்த கோட்டை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. ஆகவே காவலறைக்கு வெளியே, கூரைக்குக் கீழே ஒரு கொடியும் அகலமான ஹேங்கர்களும் அந்தச் செலவிலேயே சேரட்டும்.

சிக்னலில் நிற்பவர்களுக்குக் கோட்டு தருவது அவர்களின் துறையின் பொறுப்பு. ஆனால் அதை உலர்த்தவும் காலுறை மாற்றவும் அவர்களுக்குச் சாலையில் இடம் இல்லை. சிக்னல் அருகே கடை வைத்திருப்பவர்கள் உள்ளே ஓர் ஆணியும் ஒரு நாற்காலியும் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். குடியிருப்போர் சங்கப் பொருளாளர்கள் செப்டம்பர் முடிவதற்குள் பழைய கோட்டுகளை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். புதிது வாங்குவதானால், அணியப்போகிறவரையே கடைக்கு அழைத்துச் சென்று அளவு பார்த்து வாங்க வேண்டும்.