'கல்யாணம் ஆயிடுச்சா?' - டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கேள்வி!

'மேரீடா... அன்மேரீடா?'

நம்மூர் கிளினிக்குகளில் வயது, எடைக்கு அடுத்து வரும் கேள்வி இது. வயிற்று வலி, சிறுநீர் எரிச்சல், மாதவிடாய் தள்ளிப்போவது என எதற்குப் போனாலும் இதைக் கேட்பார்கள். டாக்டர் தெரிந்துகொள்ள நினைப்பது உங்கள் திருமணச் செய்தியை அல்ல. 'உடலுறவு அனுபவம் உண்டா?' என்பதைத்தான். அதை நேராகக் கேட்கத் தயங்கி, கல்யாணத்தைக் கேட்கிறார். 'இல்லை' என்று சொன்னால், பால்வினைத் தொற்று இருக்க வாய்ப்பில்லை என்று அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார். 'ஆம்' என்றால், கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறார்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு இந்த இரண்டு பதில்களுமே சரியாக வராது. கல்யாணமாகாத ஓர் ஆணுக்கு ஆண் துணை இருக்கலாம். வீட்டின் கட்டாயத்தில் கல்யாணம் செய்துகொண்டவருக்கும் இருக்கலாம். கேள்வியே தவறாக இருக்கும்போது, உண்மையான பதில்கூட டாக்டரைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். அதனால் மனம் நோவது ஒருபுறம் இருக்கட்டும். சோதனைக்கான மாதிரியையே தவறான இடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதுதான் பெரிய சிக்கல்.

மூலம் என்று நினைத்தது மூலமல்ல!

ஓர் உதாரணம். கோவையில் ஐ.டி வேலையில் இருக்கும் 26 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாக மலம் கழிக்கும்போது வலி, கொஞ்சம் ரத்தம். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் என்ற உணர்வு. உள்ளாடையில் சளி போன்ற கசிவு. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகிறார். 'கல்யாணம் ஆயிடுச்சா?' 'இல்ல டாக்டர்.' 'உட்கார்ந்தே வேலை பார்க்கிறீங்க, காரம் சாப்பிடுறீங்க. மூலமா இருக்கும்' என்று களிம்பும் மலமிளக்கியும் எழுதித் தருகிறார்.

பத்து நாளாகியும் குறையவில்லை. அடுத்து ஒரு சர்ஜன். அவருக்கு லேசான சந்தேகம் வந்து, சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதுகிறார். சிறுநீரில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. இளைஞருக்கு நிம்மதி. ஆனால், வலி போகவில்லை.

ரிப்போர்ட்டில் பிழை எதுவும் இல்லை. மேகவெட்டை எனப்படும் கொனோரியாவும், கிளமிடியாவும் எந்த இடத்தில் தொற்றுகின்றனவோ அந்த இடத்தில்தான் இருக்கும். சிறுநீர்க் குழாயில் தொற்று இருந்தால் சிறுநீரில் தெரியும். ஆசனவாயின் உட்பகுதியிலோ தொண்டையிலோ இருந்தால், சிறுநீரை எத்தனை முறை சோதித்தாலும் தெரியாது. அந்த இடத்திலேயே பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து, அதாவது ஸ்வாப் எடுத்து, சோதிக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் வரும் தொற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அந்த வகையில் இந்த இளைஞருக்கு வலி வந்தது ஒரு எச்சரிக்கை மணி.

மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதா என்றால், ஓரளவு தெரியும். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வரும். சளியோ சீழோ கசிவதும், மலம் கழித்த பிறகும் தீராத உந்துதலும், வலியும் சேர்ந்து வந்தால் உள்சுவரில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால், எதிரில் இருப்பவருக்கு உடலுறவு அனுபவமே இல்லை என்று முடிவுகட்டிய டாக்டருக்கு அந்த யோசனை வருவது கடினம்.

மூன்றாவதாக, அவர் தோல் மருத்துவரிடம் போகிறார். இது பலருக்குத் தெரியாத விஷயம். நம் நாட்டில் தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் ஒரே மேற்படிப்புதான். தோல் மருத்துவரின் போர்டில் 'டி.வி.எல்' என்று இருந்தால், நடுவில் உள்ள 'வி' பால்வினை நோய்களைக் குறிக்கிறது. முகப்பருவுக்கு மட்டுமே அவரிடம் போகிறோம்!

இந்த முறை இளைஞர் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. 'எனக்குக் கல்யாணம் ஆகல டாக்டர். ஆனா, உடலுறவு இருக்கு. என் பார்ட்னர் ஆண். ஆசனவாய் வழியாவும் உண்டு' என்று சொல்லிவிடுகிறார். சொல்லி முடிக்க 10 விநாடிகூட ஆகவில்லை. டாக்டர் புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயை வைத்துப் பார்க்கிறார். உள்சுவர் சிவந்து வீங்கி, சீழ் படிந்திருக்கிறது. ஸ்வாப் எடுத்து அனுப்புகிறார். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஒன்றும், கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி மாத்திரையும் தருகிறார். மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள்கள். கிளமிடியாவில் தீவிரமான ஒரு வகை என்று சந்தேகம் வந்தால் 21 நாள்கள்.

மெடிக்கல் ஷாப்பில் அஸித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே தோற்கும். ஆசனவாயில் வரும் கிளமிடியாவை அது டாக்ஸிசைக்ளின் அளவுக்குக் குணமாக்குவதில்லை. பாதி குறைந்து, அறிகுறி அடங்கி, தொற்று மட்டும் உள்ளே தங்கிவிடும்.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

'நான் தன்பாலீர்ப்பாளர்' என்று டாக்டரிடம் அறிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிகிச்சைக்குத் தேவை அந்த அடையாளம் அல்ல. துணை ஆணா, பெண்ணா, இருவருமா, உடலுறவு எந்த வழியில், கடைசியாக எப்போது, ஆணுறை பயன்படுத்தினீர்களா என்பவைதான். சொல்ல வாய் வரவில்லை என்றால், ஒரு தாளில் எழுதியோ போனில் டைப் செய்தோ காட்டலாம். டாக்டர்கள் படித்துவிட்டு, பெரும்பாலும் உங்களைவிட வேகமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அதன்பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'யூரின் டெஸ்ட் மட்டும் போதுமா டாக்டர், தொண்டையிலயும் ஆசனவாய்லயும் ஸ்வாப் எடுக்கணுமா?' இதைக் கேட்டதும் டாக்டருக்கும் படம் தெளிவாகிவிடும். மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டியிலேயே ஆசனவாய்க் கசிவு ஒரு தனிப் பிரச்னையாக, தனிச் சிகிச்சையோடு இடம்பெற்றிருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது ஏதோ வெளிநாட்டு விஷயமல்ல.

ஆனால் ஒன்று. எல்லா லேப்களிலும் ஆசனவாய் ஸ்வாப்பை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சிறிய ஊர்களில் அநேகமாக இந்த வசதி இருக்காது. அப்போது அறிகுறியை வைத்தே டாக்டர் சிகிச்சை தருவார். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். ஆனால், அந்த முறையில் டாக்டரிடம் இருப்பது நீங்கள் சொல்லும் விவரம் மட்டுமே.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், அறையில் அம்மா இருப்பார். அல்லது, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி-யில் அடுத்த நோயாளி தோளை உரசியபடி நிற்பார். 'டாக்டர், தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்' என்று கேட்பதில் தவறில்லை. நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. ஹெச்.ஐ.வி விஷயத்தில் 2017-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது. குடும்ப டாக்டர் அப்பாவுக்கு நண்பர் என்றால், இந்த ஒரு விஷயத்துக்கு வேறு டாக்டரைப் பார்ப்பதே நல்லது. விதி இருக்கிறது, கல்யாண வீட்டில் வாய் தவறுவதும் இருக்கிறது.

பெண்களுக்கு இதே கேள்வி வேறு விதத்தில் இடிக்கிறது. பெண் துணை மட்டுமே உள்ள ஒருவர் 'அன்மேரீட்' என்றதும், கர்ப்பம் இல்லை என்று டாக்டர் எடுத்துக்கொள்வது சரிதான். ஆனால், கூடவே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் வேண்டாம் என்று விட்டுவிடக்கூடும். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி வைரஸ் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவும். அதனால் 30 வயதுக்குப் பிறகு அவர்களுக்கும் அந்தப் பரிசோதனை தேவை.

'எல்லாம் கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்றால்?

சில டாக்டர்கள் மருந்துச் சீட்டோடு அறிவுரையும் தருவார்கள். அது அறிவுரையோடு நின்றால், ஒரு காதில் வாங்கி மறு காதில் விடலாம். ஆனால், 'மாத்திடலாம்' என்று மாத்திரையோ, ஷாக்கோ, கவுன்சலிங்கோ தர முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் இத்தகைய 'மாற்று' சிகிச்சைகளுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அதைச் செய்வது தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்க முடியும்.

வேறு எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. ஹெச்.ஐ.வி பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைத் தேடிப் போகலாம். அங்கே இலவசம், கவுன்சலரும் இருப்பார். 1097 என்ற இலவச எண்ணில் அழைத்தால், பக்கத்தில் எந்த மையம் என்று சொல்வார்கள்.

நம் கோவை இளைஞருக்கு வேலை இன்னும் முடியவில்லை. அவருடைய பார்ட்னருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையென்றால் தொற்று திரும்ப வரும். சிகிச்சை முடிந்து குறைந்தது 7 நாள்கள் உடலுறவு கூடாது. மேகப்புண் எனப்படும் சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல் பரிசோதனையும், ஹெச்.ஐ.வி பரிசோதனையும் இப்போது ஒருமுறை, 3 மாதம் கழித்து ஒருமுறை. தொற்றிய முதல் சில வாரங்களில் இந்த இரண்டுமே 'இல்லை' என்று காட்டக்கூடும். கொனோரியா, கிளமிடியாவுக்கும் அதே 3-வது மாதத்தில் மறுபடியும் ஸ்வாப். அந்த நாளில் வேறு டாக்டர் டியூட்டியில் இருந்தால், 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று அவர் முதலிலிருந்து தொடங்குவார். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோனால், அந்தக் கேள்விக்கு முன்பே அதை மேஜைமேல் வைத்துவிடலாம்.