விடுதி மேஜையில் இருக்க வேண்டிய ஒரு தாள்

பழனிக்கோ திருச்செந்தூருக்கோ இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு குடும்பம், உறங்கிப்போன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் லாட்ஜில் ஏறி அறை கேட்கும்போது, மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் கேட்பது ஆதார் அட்டையைத்தான். அதை வாங்கி, தம் சொந்தக் கைபேசியில் முன்னும் பின்னுமாகப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பிவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலே, 'இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்ற ஒற்றை வரி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆதார் படம் அந்தக் கைபேசியில் எத்தனை நாள் கிடக்கும், அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடுமா, கேமராவில் பதிவாவதை யார் பார்ப்பார்கள் என்பவற்றில் எதுவும் அக்குடும்பத்துக்குச் சொல்லப்படுவதில்லை. அவையெல்லாம் அட்டையை நீட்டுவதற்கு முன்னாலேயே, எளிய தமிழில், எழுத்து மூலமாகச் சொல்லப்பட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி. அதன் பின்னர் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய சம்மதத்தின்பேரில் அவரது தகவலைப் பெறுகிறவர், எதைப் பெறுகிறோம், எதற்காகப் பெறுகிறோம், உரிமையை எப்படிக் கோரலாம், யாரிடம் முறையிடலாம் என்பவற்றை அறிவிப்பாகக் கொடுக்க வேண்டும் என்றும், அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. அவ்வட்டவணையின் 22 மொழிகளில் தமிழும் ஒன்று. 2025 நவம்பரில் வெளியான விதிகள், வேறு எந்தக் காகிதத்தின் துணையும் இன்றித் தனித்து நின்றே பொருள் விளங்கும்படி அறிவிப்பு அமைய வேண்டும் என்கின்றன. இதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் 18 மாதம். அக்கணக்குப்படி 2027 மே மாதத்தில் இக்கடமை நடைமுறைக்கு வரும்.

தமிழில் இருப்பது வேறு, எளிய தமிழில் இருப்பது வேறு. 'தரவு முதன்மையரின் தனிநபர் தரவானது குறிப்பிட்ட நோக்கங்களுக்காகச் செயலாக்கம் செய்யப்படும்' என்று ஒரு வாக்கியத்தை அச்சடித்து மாட்டிவிட்டால், மொழி பற்றிய நிபந்தனை நிறைவேறிவிட்டதாக ஒரு விடுதிக்காரர் எண்ணக்கூடும். அவ்வாக்கியத்தில் செய்கிறவர் யார் என்பது இல்லை. எந்தத் தகவல், எத்தனை நாள் என்பதும் இல்லை. இதற்குப் பதிலாக, 'உங்கள் அடையாள அட்டையை எங்கள் அலுவலகக் கணினியில் மட்டும் படமெடுத்து வைக்கிறோம். போலீஸார் சட்டப்படி கேட்டால் அவர்களுக்குக் காட்டுவோம். நீங்கள் அறையைக் காலி செய்த 90-ஆம் நாள் அழித்துவிடுவோம். மேனேஜரும் முதலாளியும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது' என்று எழுத வேண்டுமானால், முதலில் ஊழியரின் சொந்தக் கைபேசியில் படமெடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். 90 நாளோ வேறு எத்தனை நாளோ, அதைத் தீர்மானித்தாக வேண்டும். அழிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். எளிய தமிழை நாம் இவ்வளவு வற்புறுத்துவது, படிக்கிறவருக்குச் சிரமம் குறையும் என்பதற்காக மட்டுமன்று. தாம் என்ன செய்கிறோம் என்பதை அறியாத முதலாளியால் அத்தகைய வாக்கியத்தை எழுதவே இயலாது என்பதற்காகவும்தான்.

கேமரா விஷயத்தில் இது இன்னும் தெளிவாகும். எட்டு கேமராக்கள் உள்ள ஒரு லாட்ஜ், 'பதிவுகள் 30 நாள் வைக்கப்படும்' என்று எழுதுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு கேமராவும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி ஆகும். எட்டுக்கும் சேர்த்து 173 ஜிபி. பதிவுப் பெட்டியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தால், அது பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பி, பழைய பதிவின்மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். பதினைந்தாம் நாள், தம் பை காணாமற்போனதை நினைத்துத் திரும்பி வரும் விருந்தினருக்கு அங்கே காட்ட ஒன்றும் இராது. பதிவுப் பெட்டியில் மிகப் பழைய தேதியைத் தேடிப் பார்த்தாலே அறிவிப்பு மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு எழுதப்படும் எண்ணே நேர்மையான எண். கேமராவில் மைக் இருந்து பேச்சும் பதிவாகிறதென்றால் அதையும் சொல்ல வேண்டும். படத்தை மட்டும் எண்ணி வராந்தாவில் நின்று குடும்ப விஷயம் பேசுகிறவர்கள் பலர். வாசல், வரவேற்பு அறை, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் என்று இடங்களைப் பெயர் சொல்லி, 'அறைக்குள்ளும் குளியலறையிலும் கேமரா கிடையாது' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒருவரது அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு சொல்கிறது.

சம்மதம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி பதிந்தே ஆக வேண்டிய விவரத்துக்கு 'நான் சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்து வாங்குவது அர்த்தமற்றது; மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் ஏது? அதைச் சட்டத்தின் கட்டாயம் என்றே எழுதிவிட்டு, விளம்பரச் செய்தி அனுப்ப எண் கேட்பது போன்றவற்றைத் தனியே பிரித்து, 'இதை நீங்கள் மறுக்கலாம். மறுத்தாலும் அறை உண்டு' என்று சொல்வதே முறை. ஆதாரைக் கேட்கும் இடத்தில், வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும் என்றும், ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த பிரதி போதும் என்றும் சேர்க்கலாம். மறைத்த பிரதியை ஆதார் ஆணையமே தன் இணையதளத்தில் அளிக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. டிஜிட்டல் வடிவில் பெற்றதற்கும், பின்னால் அவ்வடிவத்துக்கு மாற்றியதற்குமே அது பொருந்தும். மேஜைமேல் திறந்து கிடந்து, அடுத்து வருகிறவர் கண்ணில் முன்னவரது பெயரும் கைபேசி எண்ணும் படும்படி இருக்கும் காகித ரிஜிஸ்டரை அது தொடுவதில்லை. சட்டம் தொடாவிட்டாலும், பெண்கள் தனியாகத் தங்கும் விடுதிகளில் அந்த ஏட்டால் எத்தகைய தொல்லை விளையும் என்பதை விடுதிக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர்.

பத்து அறை வைத்திருக்கும் சிறு முதலாளி இதற்கெல்லாம் எங்கே போவார் என்ற ஆட்சேபம் நியாயமானதே. வக்கீல் வைக்கும் வசதி அவருக்கு இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று கேட்டாலே கலங்கிப் போவார். கேமராவை நாம் எதிர்க்கவுமில்லை. திருட்டுக்கும் வன்முறைக்கும் அது சாட்சியாக நிற்பதை அறிவோம். சிறியவர்களால் தனித்தனியே ஆகாது என்பதனாலேயே, மாநிலச் சுற்றுலாத் துறையும் காவல்துறையும் கூடி, ஒரே பக்கத்தில் அடங்கும் மாதிரி அறிவிப்பு ஒன்றைத் தயாரித்து, நாட்களின் எண்ணையும் பொறுப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதும் இடங்களை மட்டும் வெறுமையாக விட்டு, எல்லா விடுதிகளுக்கும் இலவசமாக அனுப்ப வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பத்துப் பேரிடம் அதைப் படிக்கச் சொல்லி, 'உங்கள் படம் எத்தனை நாள் இருக்கும்?' என்று கேட்டுப் பார்க்கட்டும். விடை வராத வரியைத் திருத்தி எழுதட்டும்.

வாசகர்களும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அறை எடுக்கும்போது, அட்டையைக் கொடுக்குமுன், 'இதை எதில் படமெடுக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள்?' என்று கேளுங்கள்.