செங்கல்பட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால்

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினால் அடுத்தது பரனூர், அதற்கடுத்தது செங்கல்பட்டு. தொண்ணூறுகளில் இருந்து பல ஆண்டுகள் அந்த ஊரின் சப் ஜெயில் கட்டடத்துக்குள் ‘சிறப்பு முகாம்’ நடந்தது. ஈழத்திலிருந்து வந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் அதை ‘புலி கேம்ப்’ என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினோம். உள்ளே இருப்பவர்கள் எந்த வழக்கில் வந்தார்கள், தண்டனை முடிந்தவர்களா, ஜாமீன் கிடைத்தவர்களா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுதும் நானும் கேட்கவில்லை.

ஒருநாள் மின்சார ரயிலில் ஒரு பெண், கையில் சாப்பாட்டுக் கேரியர், “சப் ஜெயிலுக்கு எங்க இறங்கணும்?” என்று கேட்டார். பெட்டியில் ஒருவர், “கைதியைப் பார்க்கவாம்மா?” என்றார். “கைதி இல்லீங்க. அவருக்கு ஜாமீன் குடுத்து ஆறு மாசம் ஆச்சு” என்றார் அவர். ஜாமீன் கிடைத்தவர் எப்படி ஜெயில் கட்டடத்தில் இருப்பார் என்று அன்று பெட்டியில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. இறங்கும் இடத்தைச் சொன்னோம். அவர் இறங்கிப் போனார்.

அவர் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. ஒருவரைப் பாஸ்போர்ட் வழக்கிலோ, படகு ஏற்பாடு செய்தார் என்றோ, மருந்து கடத்தினார் என்றோ கைது செய்கிறார்கள். அதுவரை குற்றவியல் சட்டம்: ரிமாண்ட், வக்கீல், மாஜிஸ்திரேட். குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. ஜாமீன் கிடைத்து, ஆள் ஜாமீன்காரர்கள் கையெழுத்தும் போட்டுச் சிறை வாசலுக்கு வந்தால், அங்கே கியூ பிராஞ்ச் போலீசார் ஒரு தாளோடு நிற்பார்கள். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம், பிரிவு 3(2)(இ): ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அரசு சொல்லலாம். குறிப்பிட்ட இடம் என்று அந்தத் தாளில் இருப்பது சிறப்பு முகாம். ஒரு கதவில் வெளியே வந்தவர் இன்னொரு கதவில் உள்ளே போவார்.

அந்தத் தாளில் முடிவுத் தேதி கிடையாது. குண்டர் சட்டத்தில் ஒருவரை அடைத்தால் கூட மூன்று மாதத்துக்குள் ஆலோசனைக் குழு பார்க்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதே வரம்புதான். முகாமுக்கு அந்த வரம்பு எதுவும் இல்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது காவலே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2003இல் இந்தக் கேள்வியைப் பார்த்தபோதும், முகாமில் இருப்பதை நடமாட்டக் கட்டுப்பாடு என்றுதான் கொண்டது, காவல் என்று கொள்ளவில்லை. பூட்டு, கம்பி, வாசலில் துப்பாக்கி எல்லாம் இருந்தும் காகிதத்தில் அது தங்குமிடம். முகாமை நடத்துவது சிறைத்துறை அல்ல, வருவாய்த்துறை. அதனால் சிறைக் கைதிக்கு எழுதி வைத்த உரிமைகளும் அங்கே தானாக வந்துவிடுவதில்லை.

விசாரணை இழுக்கும்போது இது இன்னும் கொடுமையாகிறது. சாட்சி வரவில்லை, வாய்தா மேல் வாய்தா. குற்றத்தை மறுத்து வழக்கை நடத்தினால், தீர்ப்பு வரும்வரை முகாம்தான். ஒப்புக்கொண்டால் வழக்காவது முடியும். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல இதைவிட வலுவான தூண்டுதல் வேறு என்ன இருக்கிறது?

தண்டனை முடிந்தவர் கதையும் இதேதான். 2015இல் கைதான ஓர் ஈழத்தமிழருக்கு 2018இல் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் அதை ஏழாண்டாகக் குறைத்தது. தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும், அதுவரை முகாமில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. திருப்பி அனுப்பும் வேலை எதுவும் நடக்காமலேயே ஏறக்குறைய மூன்று வருடம் தான் அடைபட்டிருப்பதாக அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். திரும்பினால் உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். 2025 மே 19 அன்று, இந்தியா உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள தர்மசத்திரம் அல்ல என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். அந்தச் சொல் செய்தியானது. நீதிமன்றம் விதித்த ஏழு வருடத்துக்கு மேல் போன அந்த மூன்று வருடம் எதற்கான தண்டனை என்று எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை.

சாந்தன் விஷயத்திலும் அப்படித்தான். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மீதமிருந்த ஆறு பேரையும் விடுவித்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அவர்களில் சாந்தன் உட்பட இலங்கைக்காரர்களான நால்வர் சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனதை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. விடுதலை ஆன பிறகும் ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார் சாந்தன். ஊருக்குப் போக அனுமதி வந்த நேரத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயிடம் உடல்தான் போனது. மற்ற மூவரை அடுத்த ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மைதான். மறைமலை நகர்க் கம்பெனிகளில் வேலை பார்த்து, பிறகு மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஏஜெண்ட் ஏமாற்றி விசா தீர்ந்து, மலேசியாவில் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் ஒரு பையன் சிக்கினால் தெருவே அழுகிறது. அங்கே சட்டவிரோதமாக நுழைந்ததாகச் சொன்னால் பிரம்படி வரை தண்டனை உண்டு. “அவன் என்ன திருடினானா, கொன்னானா? பேப்பர் சரியில்ல, அவ்வளவுதானே!” என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டவர்கள் நாங்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து கைவிலங்கோடு அமிர்தசரஸில் நம் ஆட்கள் இறங்கியபோது கொதித்துப் போனோம். பேப்பர் சரியில்லாததும் குற்றமும் வேறு வேறு என்பது எங்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது. அதே தெளிவை இரண்டு ஸ்டேஷன் தாண்டிக் கொண்டுபோக எங்களால் முடியவில்லை.

கொண்டுபோகாதது மட்டுமல்ல. ஈழத்துக் குடும்பத்துக்கு வீடு விட்டிருந்தவர்கள், கியூ பிராஞ்ச் ஒருமுறை வந்து விசாரித்த மாதமே காலி செய்யச் சொன்னார்கள். முகாமில் உண்ணாவிரதம் என்று செய்தி வந்தபோதெல்லாம் அது கட்சிக்காரர்கள் விவகாரம் என்று ஒதுங்கினோம். ஆட்கொணர்வு மனு போட்ட வக்கீல்களும் வாசலில் நின்ற தோழர்களும் இருந்தார்கள்தான். அவர்களோடு எங்கள் ஊரிலிருந்து போய் நின்றவர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு பெயர் கூட நினைவில் இல்லை.

1946ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. 2015 ஜனவரி 9க்குள் வந்து அகதியாகப் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் எங்கே தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

தகவல் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. ஒருவருக்கு ஜாமீன் கிடைத்த தேதி, முகாம் உத்தரவின் தேதி, திருப்பி அனுப்பத் தூதரகத்துக்கு முதல் கடிதம் எழுதிய தேதி. பெயரே வேண்டாம், எண்ணிக்கையோடு இந்த மூன்று தேதிகளையும் வருவாய்த்துறையிடம் கேட்டிருந்தால், யார் எத்தனை நாள் வெறுமனே வைக்கப்பட்டார்கள் என்பது தெரிய வந்திருக்கும். மனுவில் ஒட்ட வேண்டியது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பட்டாவுக்கும் குடிநீர் இணைப்புக்கும் எத்தனையோ முறை அதை வாங்கி ஒட்டியிருக்கிறோம். ரயிலில் கேரியரோடு வந்த அந்தப் பெண் பார்க்கப் போனவருக்காக ஒருமுறை கூட ஒட்டவில்லை.