பங்கு ஏறியும் சென்செக்ஸ் இறங்குவது ஏன்?

‘சென்செக்ஸ் 300 புள்ளிகள் சரிவு’ என்கிறது டிவி. ஆனால், வீட்டில் வைத்திருக்கும் பங்கு அன்றைக்கு 10% ஏறியிருக்கும். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். விடை, குறியீட்டைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது.

சென்செக்ஸில் 30 நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் பங்கு விலைகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் பொதுமக்கள் வாங்கி விற்கக் கூடிய பங்குகளை மட்டும் எடுத்து, அவற்றின் மதிப்பைக் கூட்டுகிறார்கள். இதற்குப் பெயர் ‘ஃப்ரீ ஃப்ளோட்’. புரொமோட்டர்கள் கையில் உள்ள பங்குகள் இதில் சேராது. அவை தினமும் சந்தைக்கு வருவதில்லையே! அரசு நிறுவனத்தில் அரசு வைத்திருக்கும் பங்குகளுக்கும் இதே விதிதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. சந்தையில் மல்லி, முல்லை என இரண்டே நிறுவனங்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லியின் மொத்தப் பங்குகளின் மதிப்பு 5,000 கோடி ரூபாய். ஆனால், 75% புரொமோட்டர் குடும்பத்திடம் இருக்கிறது. எனவே கணக்கில் வருவது 1,250 கோடிதான். முல்லையின் மதிப்பு 3,000 கோடி. அங்கே புரொமோட்டரே இல்லை என்பதால் முழுவதும் கணக்கில் வரும். இரண்டும் சேர்த்து 4,250 கோடி. இதை 1,000 புள்ளிகள் என்று வைத்துத் தொடங்கினால், ஒரு புள்ளிக்கு 4.25 கோடி. இதுதான் வகுக்கும் எண்.

மறுநாள் மல்லி 10% ஏறுகிறது. முல்லை 5% இறங்குகிறது. மல்லி 1,375 கோடி, முல்லை 2,850 கோடி. மொத்தம் 4,225 கோடி. 4.25-ஆல் வகுத்தால் குறியீடு 994. சரிவு! புரொமோட்டர் பங்குகளையும் சேர்த்திருந்தால், இதே நாளில் குறியீடு 1,044 ஆக ஏறியிருக்கும். பெரிய நிறுவனமாக இருந்தும் சந்தையில் புழங்கும் பங்கு குறைவு என்பதால், மல்லியின் ஏற்றம் எடுபடவில்லை.

இனி மல்லியை நீக்கிவிட்டு, 2,000 கோடி ஃப்ரீ ஃப்ளோட் உள்ள தாமரையைச் சேர்த்தால் மொத்தம் 4,850 கோடி ஆகிவிடும். எந்தப் பங்கும் ஏறாமலே குறியீடு துள்ளக் கூடாது அல்லவா? அதனால் வகுக்கும் எண்ணைச் சுமார் 4.88 ஆக மாற்றி, அதே 994-லிருந்து தொடர்வார்கள்.

1978-79ஐ 100 புள்ளிகளாக வைத்துக் கணக்கிடப்படும் சென்செக்ஸ், 2003 செப்டம்பர் முதல் தேதி இந்த முறைக்கு மாறியது. நிஃப்டி 2009 ஜூனில் மாறியது.

இண்டெக்ஸ் ஃபண்டில் போடும் பணமும் இதே விகிதத்தில்தான் பிரியும். 30 நிறுவனங்களுக்கும் சமமாகப் போகாது. எந்த நிறுவனத்துக்கு எத்தனை சதவிகிதம் என்பது ஃபண்டின் மாதாந்தர ஃபேக்ட் ஷீட்டில் இருக்கும். முதல் ஐந்து பெயர்களைப் பார்த்தாலே, பணம் யாரை நம்பி இருக்கிறது என்பது புரிந்துவிடும்.