காவல் மூடியைக் கழற்றலாமா?

காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த எம்மில் பலர் இன்று கட்டட வேலைகளில் நாட்கூலிக்கு நிற்கிறோம். மண்வெட்டி பிடித்த கையில் கிரைண்டர் மெஷினைக் கொடுத்து, "இந்தக் கம்பியை வெட்டு" என்கிறார்கள். பல மெஷின்களில் தட்டை மறைக்கும் காவல் மூடி இருப்பதில்லை. கேட்டால், "அது இருந்தால் வேலை ஓடாது" என்பார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்கக்கூடாது.

மூடியைக் கழற்றுவதற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. 4 அங்குல மெஷினில் 7 அங்குலத் தட்டைப் பூட்டினால் ஆழமாக வெட்டலாம் என்று நினைக்கிறார்கள். மூடி இருந்தால் பெரிய தட்டு உள்ளே அடங்காது. ஆகவே மூடி போய்விடுகிறது. பெரிய தட்டின் துளையும் பெரியது என்பதால் வாசர் வைத்து இறுக்குகிறார்கள்.

இதில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. சிறிய மெஷின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழலும். 7 அங்குலத் தட்டோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது. வேகம் கூடும்போது தட்டைப் பிய்க்கும் விசை அதைவிட விரைவாகக் கூடுகிறது. இந்தக் கணக்கில் தட்டு தாங்க வேண்டியதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான விசை அதில் விழுகிறது. ஒரு சிறு வெடிப்பு இருந்தால், அல்லது தட்டு கம்பியில் சிக்கினால், அது துண்டு துண்டாய்ச் சிதறும். மூடி இல்லாத இடத்தில் அந்தத் துண்டுகள் வந்து விழுவது வேலை செய்பவரின் முகத்திலும் கழுத்திலுமே.

எனவே வேலை தொடங்குமுன் தட்டில் அச்சிட்டிருக்கும் சுற்று எண்ணைப் பாருங்கள். அது மெஷினில் எழுதியுள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தட்டைப் பூட்டாதீர்கள். வெடிப்போ உடைவோ உள்ள தட்டையும் ஒதுக்கிவிடுங்கள். மூடியின் அடைத்த பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். புதுத் தட்டைப் பூட்டியதும் அதன் நேரே நிற்காமல், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள்.

மூடி இருந்தாலும் தீப்பொறியும் துகளும் பறக்கும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். துகள் கண்ணில் குத்தி நின்றால் கசக்கவோ துணி நுனியால் எடுக்கவோ வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயரைத் தட்டுக்கு அருகே விடாமல் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளக் இல்லாமல் வயரின் நுனியை நேரே சொக்கற்றில் செருகி வேலை செய்யாதீர்கள்.

மூடியும் கண்ணாடியும் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. அவற்றைக் கேட்பவரை வேலைக்குப் பயந்தவர் என்று ஏளனம் செய்கிறார்கள். தனியே கேட்பவரை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆகவே ஒரே இடத்தில் வேலை செய்யும் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். நாளை காணிக்குத் திரும்பும்போது, அதைப் பார்க்க எமக்கு இரண்டு கண்களும் வேண்டும்.