எவ்வளவு, யார் கையில், எதுவரை?

சக ஊழியர் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை என்று தெரிந்ததும், அன்று மாலைக்குள் வாட்ஸப் குழுக்களில் மூன்று வேண்டுகோள்கள் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்றில் மனைவியின் எண், அடுத்ததில் மைத்துனரின் எண், மூன்றாவதில் தொழிற்சங்கச் செயலரின் க்யூ.ஆர். கோடு. எவ்வளவு தேவை என்று ஒன்றில் 5 லட்சம் இருக்கும், மற்றொன்றில் 8 லட்சம் இருக்கும். கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்கூட இதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை இரக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது.

இப்படியான நிதி திரட்டலில் தேவைப்படுவது உருக்கமான எழுத்து அல்ல என்பது நம் கருத்து. எவ்வளவு கேட்கிறோம், பணம் யார் கையில் இருக்கும், எப்போது நிறுத்துவோம் என்ற மூன்றும் முதல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பு நோயாளியின் குடும்பத்துக்கு இல்லை. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கணக்கு கேட்க நேராமல் பார்த்துக்கொள்வதே உடன் வேலை செய்பவர்களின் முதல் உதவி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். சி.என்.சி. இயந்திரம் ஓட்டும் 46 வயதுக்காரர், மாதச் சம்பளம் 27,000 ரூபாய். இதயத்தில் இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இவர் அதைத் தாண்டியவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கும் மேலே போய்விட்டார். ஏழை என்று சொல்ல முடியாத, ஆனால் ஒரே ஒரு அறுவை சிகிச்சையில் கடனாளியாகிவிடக் கூடிய இந்த நடுவாந்தர இடத்தில்தான் நம் தொழிற்சாலை, அலுவலக ஊழியர்களில் பலர் இருக்கிறார்கள். நிதி திரட்டல் என்பது பெரும்பாலும் இவர்களுடைய கதை.

அரசு மருத்துவமனையில் செய்ய முடியாதா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். உடனே அவரைக் கல்நெஞ்சர் என்பார்கள். நியாயமான கேள்விதான் அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் திறந்த இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. அங்கே காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு, அதுவரை நோயாளி தாங்குவாரா என்பதை மருத்துவரிடம் கேட்டு, தனியார் மருத்துவமனையைத் தேர்ந்ததற்கான காரணத்தை அறிவிப்பில் ஒரு வரியில் எழுதிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்போது தொகை. மருத்துவமனை தரும் எஸ்டிமேட் கடிதத்தில் 5,40,000 ரூபாய் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. அடியிலுள்ள கூட்டுத்தொகையை விட, எவையெல்லாம் சேரவில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும் பகுதிதான் முக்கியம். பேக்கேஜ் என்பதில் அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், குறிப்பிட்ட நாட்கள் ஐ.சி.யூ., சில நாள் வார்டு ஆகியவை அடங்கும். வால்வின் விலை உள்ளே இருக்கிறதா, வெளியிலா? ஐ.சி.யூ.வில் கூடுதலாக ஒரு நாள் இருந்தால் எவ்வளவு? ரத்தத்துக்குத் தனிக் கட்டணமா? பில்லிங் கவுன்ட்டரில் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கினால், பாதி வழியில் "இன்னும் ஒரு லட்சம் தேவை" என்ற இரண்டாவது அறிவிப்பு போட வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. அந்த இரண்டாவது அறிவிப்புதான் நம்பிக்கையைக் குலைக்கிறது.

நிறுவனத்தின் குழுக் காப்பீடு 2 லட்சம் தரும். குடும்பத்திடம் 60,000 இருக்கிறது. ஆக மருத்துவமனைக்காகத் திரட்ட வேண்டியது 2,80,000. ஆனால் பில்லில் வராத ஒரு செலவும் உண்டு. நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் சிகிச்சை இது. எலும்பு கூடுவதற்கே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எடை தூக்கும் வேலைக்குத் திரும்ப மூன்று மாதம்வரை ஆகலாம். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. இவருக்கு அது கிடையாது. வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் மாதம் 15,000 என மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாயைத் தனி வரியாக, மறைக்காமல் கேட்பதுதான் சரி. மருத்துவச் செலவு என்ற பெயரில் அதையும் சேர்த்து உருட்டிவிடுவது, பிறகு யாரோ ஒருவர் வீட்டுக்கு வாங்கிய மிக்ஸியைக் காட்டிப் பேசுவதற்கு வழிவிடும். மொத்தம் 3,25,000 ரூபாய். அதுதான் உச்சவரம்பு.

பணம் யார் கையில்? ஒருவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பது எளிது, ஆனால் அதில் சிக்கல்கள் இருக்கின்றன. அவருடைய சம்பளமும் நன்கொடையும் ஒன்றாகக் கலந்துவிடும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாக வந்த பணத்தை வருமான வரிச் சட்டம் பெறுபவரின் வருமானமாகவே பார்க்கிறது. நல்ல மனதோடு முன்வந்த செயலர், தன்னுடையதல்லாத பணத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். நோயாளியின் வருமான அளவில் வரி எதுவும் விழாமல் போகலாம். இருந்தாலும் தாள்களைப் பத்திரப்படுத்தி, ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நோயாளியின் மனைவியும் சக ஊழியர் ஒருவரும் சேர்ந்து, இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குவதை நாம் பரிந்துரைக்கிறோம். இருவரில் யாராவது ஒருவர் கையெழுத்து போதும் என்று தொடங்கினால் பயன் இல்லை. இத்தகைய கணக்கில் பொதுவாக யு.பி.ஐ. வசதி தரமாட்டார்கள். க்யூ.ஆர். இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுத்தால் பணம் அனுப்பும் செயலிகளிலிருந்தே அனுப்பலாம். க்யூ.ஆர். இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. உண்மையான வேண்டுகோளின் படத்தை எடுத்து, க்யூ.ஆரை மட்டும் மாற்றி ஒட்டிப் பரப்பும் மோசடி நடக்கிறது. எந்த வழியில் அனுப்பினாலும், அழுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயர் அறிவிப்பில் உள்ள பெயர்தானா என்று பார்க்க வேண்டும்.

சேர்ந்த பணத்தைக் கணக்கிலேயே தேக்கி வைப்பதும் ஆபத்து. சைபர் மோசடிப் புகாரில் சிக்கிய பணம் சிறிதளவு ஒரு கணக்குக்குள் வந்தாலும், விசாரணை முடியும்வரை அந்தக் கணக்கை வங்கி முடக்கி வைக்கக் கூடும். முகம் தெரியாத பலர் பணம் போடும் கணக்குக்கு இது நேர வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சை நாள் காலையில் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது? அதனால் ஒவ்வொரு கட்டமாகச் சேரும் தொகையை மருத்துவமனையின் பெயருக்கே காசோலையாகவோ என்.இ.எஃப்.டி. மூலமாகவோ, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்திவிட வேண்டும். கூடவே ஒரு கடிதம்: மீதி ஏதேனும் திரும்புமானால் இந்தக் கூட்டுக் கணக்குக்கே அனுப்ப வேண்டும் என்று. இந்தக் கடிதத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று திருப்பிக் கொடுத்த மருந்துகளுக்கான தொகையும் முன்பணத்தின் மிச்சமும் அப்போது பக்கத்தில் நிற்கும் உறவினர் கைக்குப் போய்விடும்; தவறு நடக்காவிட்டாலும் சந்தேகம் பிறந்துவிடும்.

பில்லைச் சரிபார்ப்பது பற்றி நமக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லோரும் பார்க்கும்படி ஆஞ்சியோ அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் குழுவில் போடக் கூடாது. அவருடைய பழைய நோய்கள், குடிப்பழக்கம், தொற்றுப் பரிசோதனைகள் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குத் திரும்பி வரப்போகிறவர் அவர். நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒருவர் நிர்வாகத் தரப்பிலிருந்து, இன்னொருவர் தொழிலாளர் தரப்பிலிருந்து. குடும்பத்தினர் ஒருவருடன் அவர்கள் நேரில் பில்லிங் கவுன்ட்டருக்குச் சென்று, உள்நோயாளி எண்ணைச் சொல்லி, அதுவரையான பில்லையும் கட்டிய தொகையையும் பார்த்து வரட்டும். நேரில் போக முடியாவிட்டால் கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி அழைக்க வேண்டும். போலிக் கடிதம் தயாரிப்பவர் தன் கூட்டாளியின் எண்ணைத்தான் அதில் அச்சிட்டிருப்பார். குழுவுக்குப் போக வேண்டியது நான்கு வரிகள்: மொத்த பில், காப்பீடு தந்தது, நாம் கட்டியது, பாக்கி. கீழே இருவரின் பெயர்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலையும் வெளியிட வேண்டாம். ஃபோர்மேன் 5,000 என்று பார்த்த பிறகு, 300 ரூபாய் கொடுக்க நினைத்த துப்புரவுப் பணியாளர் கடன் வாங்கி 1,000 கொடுப்பார். சம்மதம் கேட்காமல் எல்லோர் சம்பளத்திலும் ஒரு நாள் கூலியைப் பிடித்துவிடுவது இன்னும் மோசம். பணம் தர இயலாதவர் ரத்தம் தரலாம். அதன் தேவை இந்தச் சிகிச்சையில் நிச்சயம் உண்டு.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். இறுதி பில் 5,12,000 ரூபாயில் முடிந்தது. காப்பீடும் குடும்பத்தின் பணமும் போக, திரட்டிய நிதியிலிருந்து 2,52,000 கட்டினார்கள். உச்சவரம்பு எட்டியதும் அறிவிப்பு போட்டும், தாமதமாக வந்த சிலருடைய பணத்தோடு மொத்தம் 3,41,000 சேர்ந்திருந்தது. வீட்டுச் செலவுக்கு 45,000 கொடுத்த பிறகு மீதி 44,000. இந்தத் தொகையில்தான் பல தொழிற்சாலைகளில் நட்பு முறிகிறது. குடும்பம் தங்களுக்கு என்று நினைக்கும். சிலர் திருப்பிக் கேட்பார்கள். சங்கம் நிதியில் சேர்க்கச் சொல்லும். உலோக வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும்; அந்த அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். பரிசோதனையும் விடாமல் செய்துவர வேண்டும். சிறு செலவுதான், ஆனால் விட்டுவிட்டால் வால்வே அடைத்துக்கொள்ளலாம். மீதித் தொகை ஓராண்டுக்கு அந்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும், பில்லைக் காட்டிப் பெற்றுக்கொள்ள. அதற்குப் பிறகு மிஞ்சுவது அடுத்த ஊழியரின் அவசரத்துக்கு. இதை முதல் நாள் அறிவிப்பிலேயே எழுதியிருந்தால், பின்னால் யாரும் யாரையும் குறை சொல்ல இடமிருக்காது.

இன்னொரு வரியையும் அந்த அறிவிப்பில் சேர்க்க வேண்டும். எழுதக் கை வராது. குடும்பத்தார் கண்ணில் படுமே என்று எல்லோரும் தவிர்ப்பார்கள். சிகிச்சை பலனளிக்காமல் போனால், மருத்துவமனை பாக்கியைக் கட்டிய பிறகு எஞ்சிய முழுத் தொகையும் மனைவிக்குச் சேரும், அதற்குக் கணக்குக் கேட்கப்பட மாட்டாது என்பதே அந்த வரி. அப்படி எழுதிய அறிவிப்பில் பில்லைச் சரிபார்க்கும் அந்த இருவரும் முதலில் கையெழுத்திட்டு, கணக்கை மூடும் தேதியையும் அதிலேயே குறித்துவிடட்டும்.