மாதக் கடைசி பில்லும் மறுமாத ரிட்டனும்

ஏஜென்சி நடத்தும் நம் உறுப்பினர்கள் பலர், விற்பனைப் பிரதிநிதியை எடைபோட இன்றும் ஒரே படிக்கல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். டார்கெட் முடிந்ததா, இல்லையா? இந்தக் கல் மட்டும் போதாது என்பது நம் கருத்து.

நம் காட்டாங்குளத்தூர், பொத்தேரி வட்டாரத்தில் கல்லூரி விடுமுறை விட்டால் பிஸ்கட்டும் நூடுல்ஸும் எப்படிப் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். கம்பெனி கொடுக்கும் டார்கெட்டுக்கு அது தெரியாது. அப்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு உதாரணக் கணக்கில் பார்ப்போம்.

டார்கெட் 5 லட்சம். 27ஆம் தேதி வரை ஒரு பிரதிநிதி போட்ட பில் 3.8 லட்சம், நாளொன்றுக்குச் சுமார் 14 ஆயிரம். கடைசி மூன்று நாளில் மட்டும் 1.3 லட்சம்! "வையுங்கள் அண்ணாச்சி, விற்காவிட்டால் எடுத்துக்கொள்கிறேன்" என்று இறக்கிய சரக்கு அது. டார்கெட் தாண்டியது, இன்சென்டிவும் கைக்கு வந்தது. மறுமாதம் 70 ஆயிரத்துக்குச் சரக்கு திரும்பி வருகிறது. கிரெடிட் நோட் போட்டால் நிகர விற்பனை 4.4 லட்சம்தான். வண்டி வாடகை இருமுறை; உடைந்த பெட்டியும் தேதி நெருங்கிய சரக்கும் ஏஜென்சி தலையில்.

இன்னொருவர் 4.6 லட்சம்தான் பில் போட்டார். ரிட்டன் 5 ஆயிரம். நிகரம் 4.55 லட்சம். உண்மையில் அதிகம் விற்றவர் இவர். திட்டு வாங்கியவரும் இவரே.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016இல் அது வெளிப்பட்டபோது அபராதம் 18.5 கோடி டாலர். வேலையிழந்தவர்கள் சுமார் 5,300 பேர்.

ஆகவே இன்சென்டிவில் பாதியை மாத முடிவிலும், மீதியை 45 நாள் கழித்து ரிட்டனும் வசூலும் தெரிந்த பிறகும் கொடுக்கலாம் என்கிறோம். இரண்டாம் பாதிக்கு மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: லைனில் உள்ள கடைகளில் எத்தனை மூன்று மாதமும் விடாமல் ஆர்டர் தந்தன, எவ்வளவு சரக்கு திரும்பியது, கெடு தாண்டிய பாக்கி எவ்வளவு. மூன்றும் பில் புத்தகத்திலேயே இருக்கின்றன.

இங்கும் ஏமாற இடமுண்டு. "ஆள் எப்படி?" என்று கடையில் கேட்டால், தாராளமாகக் கடன் விடுபவரையும் ஸ்கீம் பொருளை அள்ளித் தருபவரையுமே தங்கமான பையன் என்பார்கள். அந்த நட்பு பாக்கிப் பட்டியலில் பல்லிளிக்கும். கடைக்காரர் நொடித்துப் போய்ப் பாக்கி நின்றால், அதைப் பிரதிநிதியின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல.

எனவே முதலாளி மாதம் பத்துக் கடைக்குத் தாமே போன் செய்து, "கடைசி பில்லில் உள்ள சரக்கை நீங்கள் கேட்டீர்களா, அவராக எழுதினாரா?" என்று மட்டும் கேட்கட்டும். சில்லறைக் கடை உறுப்பினர்களும் தாட்சண்யம் பாராமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். வேண்டாத சரக்கு அடைத்துக் கிடப்பது அவர்கள் அலமாரியில்தானே?